டெலிரியம், மறதிநோய், மனச்சோர்வு: மூன்று கட்ட அட்டவணை படுக்கையருகே உதவுகிறதா?

வார்டுக்காரி, மார்ச் 4, இரவு 10.40

எங்கள் வார்டுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு பக்கத் தாள் கொடுப்பது வழக்கம். ஆறு வருடமாக அதே தாளைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேலே மூன்று கட்டம்: திடீர்க் குழப்பமான டெலிரியம், மறதிநோய், மனச்சோர்வு. பக்கவாட்டில் எப்போது தொடங்கியது, விழிப்பு, கவனம், ஞாபகம், தூக்கம், மனநிலை. ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு வார்த்தை. பார்க்க அழகாகத்தான் இருக்கும், தேர்வுக்குப் படிக்க அதைவிட வசதியானது கிடையாது.

போன வாரம் ஒரு நோயாளிக்குப் பிறகு அந்தத் தாள் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கட்டிலில் இருக்கும் வயதானவர் எந்தக் கட்டத்திலும் உட்கார மாட்டேன் என்கிறார். தூக்கம் கெட்டிருக்கிறது, மூன்றிலும் டிக். சாப்பிடவில்லை, மூன்றிலும் டிக். தேதி தெரியவில்லை, டிக். கடைசியில் எந்தக் கட்டத்தில் டிக் அதிகம் என்று எண்ணுகிறார்கள். நோயறிதலை வாக்கெடுப்பு மாதிரி நடத்த முடியுமா?

என் கட்சி இதுதான்: மூன்றையும் அருகருகே வைப்பதே தப்பு. அதற்குப் பதிலாக ஒரே பக்கத்தில் என்ன போடலாம்?

முதலாண்டு, மார்ச் 4, இரவு 11.15

அட்டவணையே எனக்குப் போதும் மேடம். சுலபமாகப் பிரிக்கலாம். நாள், இடம், ஆள் கேட்டால் தப்பாகச் சொல்பவருக்கு டெலிரியம் அல்லது மறதிநோய், சரியாகச் சொல்பவருக்கு மனச்சோர்வு. அப்புறம் ட்யூபைப் பிடுங்குவது, கத்துவது, பூச்சி ஊர்கிறது என்பது இருந்தால் டெலிரியம். இல்லாமல் அமைதியாக இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. டெலிரியம் என்றால் எப்படியும் தானாகச் சரியாகிவிடும், சில நாள் பொறுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடுமே?

வார்டுக்காரி, மார்ச் 5, காலை 6.20

முதலாண்டு, நீங்கள் எழுதியதை நான் திட்டப் போவதில்லை, ஏனென்றால் போன வாரம் நான் செய்ததும் கிட்டத்தட்ட அதேதான். நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

78 வயது அம்மா. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. நான்காம் நாளிலிருந்து பேச்சு குறைந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், தட்டைத் தொடமாட்டார், பிசியோதெரபிக்கு எழுப்பினால் கண்ணை மூடிக்கொள்வார். எதைக் கேட்டாலும் "தெரியலம்மா". நர்ஸ் குறிப்பில் எல்லா ஷிஃப்டிலும் ஒரே வரி: "அமைதியாக இருக்கிறார், ஒத்துழைக்கிறார்." ஐந்தாம் நாள் நான் ரவுண்ட்ஸில் நின்று இரண்டு நிமிடம் பார்த்தேன். எலும்பு முறிந்திருக்கிறது, தனியாக வாழ்ந்தவர், கணவர் போய் ஒரு வருடம். மனச்சோர்வு என்று எழுதி எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராம் தொடங்கினேன். என் கையெழுத்துதான்.

பதினோராம் நாள் மகள் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தார். என்னிடம் அவர் முதலில் கேட்டது, "அம்மாவுக்கு என்ன கொடுத்தீங்க? விழுறதுக்கு முந்தின நாள் ஃபோன்ல என்னோட அரை மணி நேரம் சண்டை போட்டாங்களே." அந்த ஒரு வாக்கியத்தை ஐந்தாம் நாள் நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

அன்றுதான் உட்கார்ந்து 4ஏடி என்ற டெலிரியம் சோதனையைச் செய்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்குகிறது, தோளைத் தொட்டால் விழிக்கிறார், மறுபடி சொக்குகிறது. விழிப்புக்கு 4. வயது 60 என்றார், பிறந்த தேதி சரி, இடம் "வீடு", வருடம் தப்பு. மூன்று தப்பு, அதற்கு 2. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன்: டிசம்பர், நவம்பர், அக்டோபர், அப்புறம் நவம்பர், டிசம்பர், அப்புறம் திரைச்சீலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஏழு மாதத்துக்குக் குறைவு, அதற்கு 1. திடீர் மாற்றம் என்பதற்கு மகளின் வார்த்தையே சாட்சி, 4. மொத்தம் 11. நாலு வந்தாலே டெலிரியமாக இருக்கலாம் என்று தேட வேண்டும், இங்கே பன்னிரண்டுக்குப் பதினொன்று.

தேடினால் என்ன கிடைத்தது என்று சாயங்காலம் எழுதுகிறேன், ரவுண்ட்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இரவுப்பணி, மார்ச் 5, காலை 7.50

நைட் முடிந்து வீட்டுக்கு வந்து படிக்கிறேன். "அமைதியாக இருக்கிறார், ஒத்துழைக்கிறார்" என்ற அந்த வரியை இருபது வருடமாக நானும் எழுதியிருக்கிறேன். முப்பது கட்டில் வார்டில் சத்தம் போடாதவர்தான் நல்ல நோயாளி. பெல் அடிக்காத அந்த அம்மாவைப் பற்றி எழுத யாருக்கும் நேரம் இருக்காது.

ஆனால் டாக்டர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் காலை ஒன்பது மணிக்கு வந்து பார்க்கிறீர்கள். அந்த நேரத்தில் பலர் தெளிவாகவே இருப்பார்கள், உங்கள் பெயரைக்கூடச் சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்கு அதே ஆள் போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டு "பஸ் வந்துடுச்சா" என்பார். காலையில் நான் சொன்னால், "இப்ப நல்லாத்தானே பேசுறார் சிஸ்டர்" என்று பதில் வரும். கூடிக் குறைவதுதான் இந்த நோயின் குணம் என்று உங்கள் தாளிலேயே எழுதியிருக்கிறதே! மூன்று ஷிஃப்ட் குறிப்பையும் சேர்த்துப் படிக்காமல் டெலிரியம் இல்லை என்று யாரும் எழுதக் கூடாது.

அந்த அம்மாவுக்கு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தீர்களா? சும்மா கேட்கிறேன்.

வார்டுக்காரி, மார்ச் 5, மாலை 7.05

இரவுப்பணி சிஸ்டர், நீங்கள் எங்கள் வார்டிலேயே இருந்திருக்கலாம்.

அடிவயிறு தொப்புள் வரை உப்பியிருந்தது. ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் 820 மில்லி. மூன்றாம் நாள் சிறுநீர்க் குழாயை எடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு டயப்பர் நனைந்துகொண்டே இருந்ததால் போகிறார் என்று எல்லோரும் நினைத்துவிட்டோம், உண்மையில் நிரம்பி வழிந்திருக்கிறது. ஒரு வாரமாக மலம் போகவில்லை. மருந்துச் சீட்டில் இரண்டாம் நாளிலிருந்து இரவுதோறும் ஹைட்ராக்சிசின் 25, அரிப்பு என்று யாரோ எழுதியது, அரிப்பு நின்றும் மருந்து நிற்கவில்லை. அது சிறுநீரையும் அடைக்கும், வயதானவர் மூளையையும் கலக்கும்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சோடியம், மருத்துவமனையில் சேர்த்தபோது 136, அன்று 126. அவர் ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்குத் தயசைட் எடுத்துக்கொண்டிருந்தார், அதன் மேல் என் எஸ்சிட்டலோபிராம். இரண்டும் சோடியத்தை இறக்கும், வயதான பெண்களுக்கு இன்னும் அதிகமாக. அதாவது இல்லாத மனச்சோர்வுக்கு நான் கொடுத்த மாத்திரை, இருந்த டெலிரியத்துக்குத் தீனி போட்டிருக்கிறது.

குழாய் போட்டோம், மூன்று மருந்தையும் நிறுத்தினோம், வயிற்றைச் சுத்தம் செய்தோம், சோடியத்தை அவசரப்படாமல் ஏறவிட்டோம், நான்கு நாளில் 132. பதினான்காம் நாள் "என் கண்ணாடி எங்கே" என்று கேட்டார். முழுத் தெளிவு இல்லை, சாயங்காலம் இன்னும் குழம்புகிறார். அதனால் முதலாண்டு, "தானாகச் சரியாகும், பொறுத்துப் பார்க்கலாம்" என்பதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். காரணத்தை எடுத்தாலும் வாரக்கணக்கில் இழுக்கும், சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. பொறுத்துப் பார்த்திருந்தால் அந்தச் சிறுநீர்ப்பை என்ன ஆகியிருக்கும்?

கடைசிமகன், மார்ச் 5, இரவு 9.30

நான் மருத்துவத்துறை இல்லை. தேடிக்கொண்டு வந்தபோது இந்தப் பக்கம் கிடைத்தது. அப்பாவுக்கு 81, நிமோனியாவுக்கு ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். அங்கே இரவில் இறந்துபோன பெரியப்பாவோடு பேசினார், போர்வையில் எதையோ பொறுக்கினார். வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. பேய் பிடித்த மாதிரி இருந்தது இப்போது இல்லை. ஆனால் எதிலும் நாட்டம் இல்லை, டிவியில் கதை புரியவில்லை என்று அணைத்துவிடுகிறார். உங்கள் அட்டவணையை வேறு இடத்திலும் பார்த்தேன், "வாரங்கள்" என்றால் மனச்சோர்வுக் கட்டம். அப்பாவுக்கு மனச்சோர்வு என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்த அம்மாவுக்குக் கொடுத்த மாத்திரையின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன்.

வார்டுக்காரி, மார்ச் 5, இரவு 10.10

ஐயோ, அந்த மாத்திரையை வாங்காதீர்கள். அது தப்பாகக் கொடுக்கப்பட்ட கதையைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

இங்கே உட்கார்ந்து உங்கள் அப்பாவுக்கு என்ன என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் விவரிப்பதில் மூன்றுக்கும் இடம் இருக்கிறது: டெலிரியத்தின் வால் இன்னும் மிச்சமிருக்கலாம், அதற்குப் பின் வந்த சோர்வாக இருக்கலாம், முன்பே மெதுவாகத் தொடங்கியிருந்த மறதி இப்போது வெளியே தெரியலாம். சிகிச்சை தந்தவரிடம் இந்த வாரமே கூட்டிப் போங்கள். போகும்போது இரண்டு விஷயம் எழுதிக்கொண்டு போங்கள். நிமோனியாவுக்கு ஆறு மாதம் முன்பு அப்பா தனியாக என்னென்ன செய்தார், இப்போது எதெதை விட்டுவிட்டார். அப்புறம் வீட்டுக்கு வந்தபோது கொடுத்தனுப்பிய மருந்துகளில் எதெல்லாம் புதிது. மறுபடி பகலில் தூங்கி வழிவதோ திடீர்க் குழப்பமோ வந்தால் வார இறுதி என்று காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

இன்னொன்று, சும்மா ஒரு வார்த்தை. பெரியப்பாவோடு பேசியது பலருக்கு ஞாபகம் இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லமாட்டார்கள். "அது காய்ச்சல்ல வந்த குழப்பம்ப்பா, பைத்தியம் இல்லை" என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

மற்றவர்களுக்கு: என் முதல் பதிவில் அட்டவணை தேர்வுக்காவது உதவும் என்ற தொனியில் எழுதியிருந்தேன். இதைப் பார்த்த பிறகு அதையும் வாபஸ் வாங்குகிறேன். "வாரங்கள்" என்ற ஒரு பெட்டியைப் பார்த்து ஒருவர் மருந்துப் பெயரைக் குறித்துக்கொள்கிறார் என்றால் அது பாடத்தாளே இல்லை.

மூப்பியல்22, மார்ச் 6, பிற்பகல் 1.25

அட்டவணையின் கோளாறு என்னவென்றால் அது மூன்றும் தனித்தனி ஆட்களுக்கு வருவதாக நினைக்கிறது. டெலிரியம் யாருக்கு அதிகம் வரும்? ஏற்கெனவே மறதிநோய் இருப்பவருக்கு. ஆகவே "இதுவா அதுவா" என்ற கேள்வியே பாதி நேரம் தப்பு. "இதன் மேல் அதுவும் இருக்கிறதா" என்பதுதான் கேள்வி.

1995இல் வந்த ஓர் ஆய்வு உண்டு. மனச்சோர்வு என்று மனநலப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட 67 வயதான உள்நோயாளிகளைப் பார்த்ததில் 28 பேருக்கு டெலிரியம். அவர்களில் நிறையப் பேர் மனம் நொந்து பேசியிருக்கிறார்கள், சாவைப் பற்றியும் நினைத்திருக்கிறார்கள். எனவே "செத்துப்போகணும் என்கிறார், அதனால் மனச்சோர்வு" என்பதும் நிற்காது. வார்டுக்காரி தனியாள் இல்லை.

முதலாண்டு சொன்ன நாள், இடம், ஆள் கேட்பதில் பாதி சரி. கேட்க வேண்டியதுதான், ஆனால் அது பிரிக்காது. பத்து நாள் படுத்திருந்தால் எனக்கும் தேதி தெரியாது. பிரிப்பது கவனம். அதிலும் மதிப்பெண்ணைவிட, எப்படித் தோற்கிறார் என்று பாருங்கள். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். மனச்சோர்வில் இருப்பவர் "என்னால முடியாதும்மா, விடு" என்பார். அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "டிசம்பருக்கு முந்தினது என்ன" என்று ஒரு முறை எடுத்துக்கொடுத்தால் மெல்ல மெல்ல ஜனவரி வரை வந்துவிடுவார், வந்த பிறகும் தப்பாகச் சொன்னேன் என்பார். ஆரம்ப நிலை அல்சைமர்காரர் விருப்பமாகவே செய்வார், ஒன்றிரண்டு மாதம் விட்டுப்போகும், ஆனால் வேலையிலேயே இருப்பார். ஐந்து நிமிடம் கழித்து நீங்கள் சொன்ன மூன்று சொற்களைக் கேட்டால்தான் எதுவும் இருக்காது, சில சமயம் சொற்கள் சொன்னதே நினைவிருக்காது. டெலிரியத்தில் இருப்பவருக்குக் கேள்வியே கையிலிருந்து நழுவிவிடும். பாதியில் திசை மாறி முன்னோக்கிச் சொல்வார், பக்கத்துக் கட்டில் பேச்சுக்குப் பதில் சொல்வார், தூங்கிவிடுவார். உங்கள் அம்மா திரைச்சீலையைப் பார்த்தது அதுதான்.

இது எங்கே உடையும் என்றும் சொல்ல வேண்டும். முற்றிய மறதிநோயில் கவனமும் போய்விடும், அப்போது மாதங்கள் உதவாது. அங்கே விழிப்பு நிலையும், "நேற்றைக்கு இன்று மாறியிருக்கிறாரா" என்ற வீட்டாரின் பதிலும் மட்டுமே கை கொடுக்கும்.

மூப்பியல்22, மார்ச் 6, பிற்பகல் 1.40

ஒன்று விட்டுப்போயிற்று. லூயி உடல் மறதிநோய். கூடிக் குறையும், தெளிவாக மனிதர்களும் விலங்குகளும் தெரியும், பகலில் தூங்கி வழிவார், அச்சு அசலாக டெலிரியம் மாதிரி, ஆனால் மாதக்கணக்கில். எனக்கு வந்த ஒருவரை மூன்று முறை டெலிரியம் என்று அலசி ஒன்றும் கிடைக்காமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான்காம் முறை யாரோ கிளர்ச்சியை அடக்க ஹாலோபெரிடால் போட, மரக்கட்டையாக விறைத்துவிட்டார். அப்போதுதான் மனைவியிடம் கேட்டார்கள்: எட்டு மாதமாகக் கூடத்தில் குழந்தைகள் விளையாடுவது தெரிகிறது என்கிறார், தூக்கத்தில் உதைக்கிறார், நடை தேய்கிறது. தாளில் ஒரு வரி ஒதுக்குங்கள்: காட்சிகள் தெரிந்து, நடையும் இறுகியிருந்தால் ஹாலோபெரிடாலைத் தொடும் முன் பெரியவர் யாரையாவது கூப்பிடு.

இரவுப்பணி, மார்ச் 6, மாலை 4.00

"பெரியவர் யாரையாவது கூப்பிடு" என்பது இரவு இரண்டு மணிக்கு நகைச்சுவை டாக்டர்.

முதலாண்டு, மார்ச் 6, இரவு 8.45

சரி, ஒப்புக்கொள்கிறேன். இன்று ஆறு பேருக்கு மாதங்களைப் பின்னாலிருந்து கேட்டேன். ஒரு தாத்தா முறைத்து, "நீ சொல்லு பார்ப்போம்" என்றார். நான் ஆகஸ்டில் தடுமாறினேன். 24 மணி நேரப் பணி முடிவில் எனக்கும் 1 மதிப்பெண் உண்டு.

சந்தேகம் ஒன்று. ஒரு பாட்டி பள்ளிக்கூடமே போனதில்லை, மாதங்களை நேராகவே வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. அவருக்குக் கவனக்குறைவு என்று எழுதிவிட்டேன். தப்புதானே? இன்னொருவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி வந்தது, குழப்பத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டேன்.

மூப்பியல்22, மார்ச் 6, இரவு 9.20

பாட்டி விஷயம் தப்புதான். வாரநாட்களைப் பின்னாலிருந்து கேளுங்கள், அல்லது 20இலிருந்து ஒன்று வரை இறங்கச் சொல்லுங்கள். அதுவும் வராதென்றால் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எழுத்துகளைச் சொல்வேன், ஆ வரும்போதெல்லாம் கையை அழுத்துங்கள்" என்று பத்து எழுத்துச் சொல்லுங்கள். இரண்டுக்கு மேல் தப்பினால் கவனம் இல்லை. படிப்பு வேண்டாம், பேசக்கூட வேண்டாம்.

சிறுநீரில் கிருமி என்பது பாதிக் கதை. வயதான பெண்களில் நிறையப் பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். காய்ச்சல், எரிச்சல், விலாவில் வலி என்று ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அந்த முடிவு உங்கள் தேடலை நிறுத்திவிடும், அதுதான் ஆபத்து. காரணம் ஒன்று கிடைத்ததும் நிறுத்தாதீர்கள். வார்டுக்காரியின் அம்மாவுக்கு நான்கு இருந்தன.

மனநலப்பிரிவு, மார்ச் 7, காலை 11.10

எல்லோரும் ஒரே திசையில் ஓடுவதால் ஒரு எதிர்க்குரல். மருத்துவ வார்டிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் டெலிரியத்தை மனச்சோர்வு என்று அனுப்புவது உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மையான மனச்சோர்வை "வயசு, உடம்பு முடியல, யாருக்குத்தான் இருக்காது" என்று அனுப்பாமலே விடுவதும் அதே அளவு நடக்கிறது. "முதலில் டெலிரியம், கடைசியில் மனச்சோர்வு" என்று படிக்கட்டு மாதிரி தாள் போட்டால் கடைசிப் படிக்கு யாரும் வரப்போவதில்லை, நோயாளி அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்.

நான் கேட்பது: விழுவதற்கு முன்பே, வாரக்கணக்கில், பிடித்ததெல்லாம் கசந்துவிட்டதா? விடிகாலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்து அந்த நேரம்தான் மோசமாக இருக்கிறதா? எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன், என் தப்புதான் என்ற பேச்சு உண்டா? நேற்றும் இன்றும், காலையும் மாலையும் அதே பேச்சா? டெலிரியத்தில் அழுவார், பத்து நிமிடத்தில் வேறு எங்கோ போய்விடுவார். மனச்சோர்வு அவ்வளவு சீக்கிரம் இடம் விட்டுப் போகாது. சாக வேண்டும் என்று நினைக்கிறாரா என்பதை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் கேட்டாக வேண்டும். டெலிரியத்தில் இருப்பவரும் ஜன்னல் வழியாகப் போகக்கூடியவர்தான்.

அப்புறம் மனச்சோர்வில் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் கிடந்தே டெலிரியத்துக்குள் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவருக்கு நீங்கள் டிரிப் ஏற்றித் தெளியவைத்து, "டெலிரியம் தீர்ந்தது" என்று எழுதி அனுப்பினால் ஒரு மாதத்தில் மறுபடி வருவார்.

வார்டுக்காரி, மார்ச் 7, இரவு 11.30

மனநலப்பிரிவு, குத்துப்பட்டது. உண்மையில் நான் நேற்று இரவு எழுதிய வரைவு சரியாக அந்தப் படிக்கட்டுதான். கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மூன்று பெயரையும் மேலே போடவில்லை. கேள்விகள் மட்டும். இப்படி வந்திருக்கிறது:

"ஒன்று. தெரிந்தவரைக் கூப்பிடு, ஃபோனிலாவது. 'குழப்பமா' என்று கேட்காதே, 'வயசாச்சுல்ல' என்பார்கள். போன வாரம் இதே நாள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேள். ஆறு மாதம் முன்பு பணம், மருந்து, சமையலை யார் பார்த்தார்கள் என்று கேள். மூன்று ஷிஃப்ட் குறிப்பையும் படி.

இரண்டு. எழுப்பு, பேசு, பார். கண் சொக்குகிறதா? மாதங்கள் பின்னோக்கி. முடியாதவருக்கு வாரநாள், அல்லது கையழுத்தம். எப்படித் தோற்றார் என்று ஒரு வரி எழுது. மாலையில் மறுபடி செய்.

மூன்று. மாற்றம் நாள்கணக்கில் வந்ததென்றாலோ கவனம் நிற்கவில்லையென்றாலோ, வேறு பெயர் எதுவும் வைக்காமல் டெலிரியம் என்று வைத்துக்கொண்டு காரணம் தேடு. சிறுநீர்ப்பை, மலம், வலி, ஆக்சிஜன், சர்க்கரை, சோடியம், தொற்று, தலையில் அடி. புதிதாகச் சேர்ந்த மருந்து, திடீரென்று நின்ற மருந்து அல்லது மது. ஒன்று கிடைத்ததும் நிறுத்தாதே.

நான்கு. மேலே என்ன வந்தாலும் மனநிலையைக் கேள், சாவு நினைப்பைக் கேள். தெளிந்த பிறகு மறுபடி கேள்.

ஐந்து. டெலிரியம் இருக்கும்போது மறதிநோய் என்று எழுதாதே. முன்பே மறதி இருந்ததாக வீட்டார் சொன்னால் அதை அவர்கள் சொன்னதாகவே எழுதி, மூன்று மாதம் கழித்துப் பார்க்க நாள் குறி."

லூயி உடல் வரியைப் பின்பக்கம் தள்ளிவிட்டேன். ஒரு பக்கத் தாளுக்குப் பின்பக்கம் கிடையாது என்று தெரியும், சண்டைக்கு வராதீர்கள்.

மனநலப்பிரிவு, மார்ச் 8, காலை 9.00

நான்காவது வரிக்கு நன்றி. மூன்றாவதில் எனக்கு இன்னும் தகராறு. முன்பே பலமுறை மனச்சோர்வு வந்தவர், மருந்தில் நன்றாக இருந்தவர், இப்போது டெலிரியம். அவருடைய பழைய மருந்தையும் நிறுத்திவிட்டுக் காரணம் தேடச் சொல்வீர்களா? திடீரென்று நிறுத்துவதே சிலருக்குக் கிளர்ச்சியைக் கொண்டுவரும்.

மூப்பியல்22, மார்ச் 8, காலை 9.35

சோடியம் சரியாக இருந்தால் பழைய மருந்தைத் தொடர்வேன். புதிதாகத் தொடங்கமாட்டேன். சோடியம் இறங்கியிருந்தால் ஆளைப் பார்த்துத்தான் முடிவு, தாளில் எழுத முடியாது.

மனநலப்பிரிவு, மார்ச் 8, காலை 9.50

புதிதாகத் தொடங்கமாட்டேன் என்பதில்தான் ஒத்துவரவில்லை. சாப்பிடாமல் கிடப்பவருக்கு எத்தனை வாரம் காத்திருப்பீர்கள்? பிறகு பேசலாம்.

இரவுப்பணி, மார்ச் 8, இரவு 10.15

தாளை எங்கள் நர்ஸ் ஸ்டேஷனில் ஒட்டினேன். முதல் நாளே ஒரு கோளாறு. ஒரு ஐயாவுக்கு நான்கு கேள்விக்கும் சம்பந்தமில்லாத பதில், மாதங்களுக்கு வெறும் சிரிப்பு. பரபரப்பாகிவிட்டோம். இரவு எட்டு மணிக்கு மருமகள் காதுக்கருவியை டப்பாவிலிருந்து எடுத்து மாட்டினார். ஜனவரி வரை தடங்கலே இல்லாமல் வந்தார். பூஜ்ஜியமாவது வரி வேண்டும்: காது, கண்ணாடி, பல்செட்.

வார்டுக்காரி, மார்ச் 9, காலை 6.05

சேர்த்துவிட்டேன். எழுத்து அளவை ஒன்று குறைக்க வேண்டியதாயிற்று, இனித் தாளைப் படிக்க எனக்கே கண்ணாடி வேண்டும்.

வார்டுக்காரி, ஜூன் 11, மாலை 5.40

இழையைத் தோண்டி எடுக்கிறேன், மன்னிக்கவும். அந்த அம்மா இன்று மூன்று மாதப் பரிசோதனைக்கு வந்தார். கைத்தடியோடு நடந்து வந்தார், மகள் கூட வந்தார். பேச்சு தெளிவு, விழிப்பு முழுசு. முதியோர் மனச்சோர்வுக் கேள்வித்தாளில் 15க்கு 3, ஐந்துக்கு மேல் போனால்தான் கவலைப்பட வேண்டும்.

நான் கேட்பதற்கு முன்பே டிசம்பர், நவம்பர் என்று தொடங்கி ஜனவரியில் நிறுத்தி, "சரியாம்மா?" என்றார். வார்டில் தினம் இரண்டு வேளை கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டிருக்கிறது. அந்தச் சோதனையே இவரிடம் இனிச் செல்லாது. 20இலிருந்து இறங்கச் சொன்னேன், மெதுவாக, சரியாக இறங்கினார். ஆனால் சொல்லிவைத்த மூன்று சொற்களில் ஒன்றுதான் வந்தது, குறிப்புக் கொடுத்தும் மற்ற இரண்டும் வரவில்லை.

அப்போதுதான் மகள் தயங்கித் தயங்கிச் சொன்னார். விழுவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே ஒரே பில்லை இரண்டு முறை கட்டுவார், அடுப்பை அணைக்க மறப்பார், ஃபோனில் அன்று போட்ட சண்டையே நேற்றுப் பேசி முடித்த விஷயத்துக்காகத்தானாம். மார்ச்சில் நான் ஆறு மாதக் கேள்வியையும் கேட்டேன், அப்போது "எல்லாம் நல்லாத்தான் இருந்தாங்க" என்றார். மருத்துவமனைக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு யாரும் அம்மாவைக் குறை சொல்லமாட்டார்கள் போலிருக்கிறது.

ஆக, மனச்சோர்வு என்று நான் எழுதியது டெலிரியம், அந்த டெலிரியத்துக்கு அடியில் மறதிநோய் இருந்திருக்கிறது. தைராய்டு, பி12, ஸ்கேன் எழுதியிருக்கிறேன். முதல் வரியை மாற்ற வேண்டும். மகளிடம் தனியாக, அம்மா இல்லாத இடத்தில் கேட்க வேண்டும் என்று போடலாமா?

இரவுப்பணி, ஜூன் 11, இரவு 9.55

தனியாகக் கேட்டாலும் முதல் நாள் சொல்லமாட்டார்கள் டாக்டர். மூன்றாம் நாள் இரவு, காப்பி டம்ளரோடு நர்ஸ் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பார்கள், அப்போது சொல்வார்கள். அதை எந்த வரியில் போடுவீர்கள்?